வைவா ஒத்திகை: மல்லாட்டை ஓட்டுக் கரியால் குரோமியம் நீக்கம் (சிவில், இறுதியாண்டு). கேள்வி கேளுங்க, பதிலைத் திருத்துங்க

குடியாத்தம்_சிவில்

வணக்கம். நாங்க நாலு பேர், தமிழ்வழி சிவில், இறுதியாண்டு. அடுத்த வாரம் ப்ராஜெக்ட் வைவா. எக்ஸ்டர்னல் தமிழிலேயே கேட்பார் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பதிலைத் தமிழில் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது.

தலைப்பு: "தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீரிலிருந்து குரோமியம்-6 நீக்கம்: நிலக்கடலை ஓட்டிலிருந்து செய்த செறிவூட்டிய கரி". ரிப்போர்ட் பைண்டிங் போயாச்சு, தலைப்பை மாற்ற முடியாது.

செய்தது இதுதான். மல்லாட்டை ஓட்டைக் கழுவி, 105 டிகிரியில் உலர்த்தி, அரைத்து, 300-க்கும் 600 மைக்ரானுக்கும் இடையில் சலித்தோம். எடைக்கு எடை பாஸ்பாரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, மூடிய குரூசிபிளில் 450 டிகிரி மஃபிள் ஃபர்னஸில் ஒரு மணி நேரம் வைத்தோம். பிறகு கழுவி உலர்த்தினோம். பொட்டாசியம் டைகுரோமேட்டில் கரைசல் செய்து, லிட்டருக்கு 50 மி.கி. குரோமியம்-6 உள்ள 100 மி.லி.யில் 0.2 கிராம் கரி போட்டு, பிஎச் 2-இல் இரண்டு மணி நேரம் ஷேக்கரில் வைத்தோம். கடைசியில் மிச்சம் லிட்டருக்கு 4 மி.கி. அதாவது 92 சதவீதம் நீக்கம்.

எங்க மாதிரி பதில் ஒன்று:

கேள்வி: ஏன் பிஎச் 2?
பதில்: பிஎச் 2-இல் கரியின் மேற்பரப்பில் நேர்மின் சுமை இருக்கிறது. குரோமியம்-6 எதிர்மின் அயனியாக இருப்பதால் ஈர்க்கப்படுகிறது. அதனால் நீக்கம் அதிகம்.

இது போதுமா? வேறு என்ன கேட்பார்கள்?

சத்துவாச்சாரி_எம்இ

போதும் தம்பி, இதையே சொல்லு. கூடவே லாங்முயர் ஐசோதெர்ம் கிராஃப் காட்டி "ஆர் ஸ்கொயர் 0.99, அதனால் ஒற்றை அடுக்குப் பரப்புக் கவர்ச்சி" என்று சொல்லிவிடு. இயக்கவியலில் போலி இரண்டாம் படிச் சமன்பாடு பொருந்தியிருந்தால் "வேதிப் பிணைப்பு" என்று சொல்லு. இந்த மூன்றும் வந்தாலே எக்ஸ்டர்னல் அடுத்த டீமுக்குப் போய்விடுவார்.

ஆம்பூர்_லெதர்_கெமிஸ்ட்

தம்பி, முதல் கேள்வி தலைப்பிலேயே மாட்டிக்கிட்டு நிக்குது. தோல் பதனிடுறதுல போடுறது குரோமியம்-3, 6 இல்ல. நாங்க டிரம்முல போடுற பேசிக் குரோம் சல்பேட் முழுக்க மூணுதான். தோலோட கொலாஜனைப் பிடிச்சு நிக்கிறதும் அதுதான். எக்ஸ்டர்னல் ராணிப்பேட்டைப் பக்கத்து ஆளா இருந்தா முதல் ஸ்லைடுலயே நிறுத்திடுவாரு: "தோல் கழிவுல 6 எங்கேர்ந்து வந்துச்சு?" இதுக்குப் பதில் இல்லாம பிஎச்ல ஆரம்பிக்காதே.

குடியாத்தம்_சிவில்

பாய், நாங்க படித்த கட்டுரைகள் எல்லாமே "தோல் கழிவில் குரோமியம்-6" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அப்போ ப்ராஜெக்டே தப்பா?

பாலாற்றங்கரை

ப்ராஜெக்ட் தப்பில்லை, முன்னுரைதான் தப்பு. அதை வைவாவில் வாயால் சரிசெய்யலாம். பாய் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்ம பகுதியில் குரோமியம்-6 உண்மையாகவே இருக்கிறது, ஆனால் அதன் மூலம் வேறு. பேசிக் குரோம் சல்பேட்டைச் செய்வதே டைகுரோமேட்டை ஒடுக்கித்தான். டைகுரோமேட்டைத் தாதுவிலிருந்து எடுக்கும் ஆலையின் கழிவில் 6 மிஞ்சும். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடப்பட்டுக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் அப்படிப்பட்டது. மழைநீர் அதில் இறங்கி நிலத்தடி நீர் மஞ்சளாகிறதே, அந்த மஞ்சள்தான் 6. மின்முலாம் பூசும் பட்டறைகளின் கழிவு இன்னொரு மூலம். இது போக, மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு 3-ஐ மெதுவாக 6 ஆக்கும். குரோம் தோல் சீவலை எரித்தால் சாம்பலில் 6 வரும்.

இப்படிச் சொல்லிப் பழகுங்கள்:

கேள்வி: தோல் கழிவில் இருப்பது குரோமியம்-3 தானே, நீங்கள் ஏன் 6-ஐ நீக்கினீர்கள்?
பதில்: ஆமாம் சார், பதனிடும் திரவத்தில் இருப்பது 3. எங்கள் சோதனைக் கரைசல் டைகுரோமேட்டில் செய்த 6. இது பொருந்துவது குரோமேட் கழிவால் கெட்ட நிலத்தடி நீருக்கும், மின்முலாம் கழிவுநீருக்கும்தான். தலைப்பில் அந்த எல்லையைக் குறிப்பிடாதது குறை. உண்மையான தோல் கழிவுநீரில் சோதனை செய்யவில்லை.

கடைசி வாக்கியத்தை விழுங்காதீர்கள். "எந்த ஆலையில் மாதிரி எடுத்தீர்கள்?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

ஆம்பூர்_லெதர்_கெமிஸ்ட்

அதோட "தோல் கழிவுல இருக்கிற 3-ஐயும் உங்க கரி எடுக்குமா?"ன்னு கேட்டா ஆமான்னு சொல்லி வைக்காதே. பிஎச் 2-ல 3 நேர்மின் அயனி, மேற்பரப்பும் நேர்மின். ரெண்டும் தள்ளும். நீயே சொன்ன விளக்கம் உனக்கே எதிரா திரும்பும்.

வழக்கமான குரோம் பதனிடுதல்ல போடுற குரோமியத்துல ஏறக்குறைய 60லேர்ந்து 70 சதவீதம்தான் தோலுக்குள்ள ஏறும். மிச்சம் திரவத்துல நிக்கும், லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மி.கி. அதை யாரும் கரி போட்டு எடுக்கிறதில்ல. மெக்னீசியம் ஆக்சைடோ காரமோ போட்டு பிஎச் 8-க்கு மேல ஏத்தினா குரோமியம் ஹைட்ராக்சைடா கீழே இறங்கிடும். அதைச் சல்பூரிக் அமிலத்துல கரைச்சு மறுபடியும் டிரம்முக்கே அனுப்பலாம். இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போ, ஒரு வாக்கியம் சொன்னாலே ஃபீல்டு தெரிஞ்ச பையன்னு நினைப்பாரு.

காட்பாடி_இசிஇ

எங்க டீமுக்கும் இதே வாரம்தான் வைவா. எங்க ப்ராஜெக்ட் பாலாறு தண்ணீர் தரம் பார்க்கும் ஐஓடி கருவி. டிடிஎஸ் சென்சார், பிஎச் சென்சார் இருக்கு. குரோமியம் இருந்தா டிடிஎஸ் ஏறும்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கோம். எக்ஸ்டர்னல் கேட்டா அதையே சொல்லலாமா?

பாலாற்றங்கரை

இந்த இழை வேறு ப்ராஜெக்டுக்கானது, இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். சொல்லாதீர்கள். டிடிஎஸ் சென்சார் அளப்பது மின்கடத்துதிறனை மட்டும்தான். உப்பு 2000 மி.கி. இருக்கும் தண்ணீரில் குரோமியம் 1 மி.கி. கூடினாலும் குறைந்தாலும் அந்த எண்ணில் தெரியாது. "மொத்தக் கரைந்த உப்பைக் கண்காணிக்கிறோம், உலோகத்தை அல்ல" என்று எழுதுங்கள்.

ஆரணி_விரிவுரையாளர்

மாணவர்களுக்கு ஒரு திருத்தம். வைவாவில் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொல்வது வழக்கம். முதலில் கரைசல் தயாரிப்பு. "1000 மி.கி./லி. ஸ்டாக் கரைசலுக்கு எவ்வளவு டைகுரோமேட் எடுத்தீர்கள்?" என்று கேட்டால் 2.829 கிராம் என்று மட்டும் சொன்னால் போதாது, அது எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். மூலக்கூற்று எடை 294.18. அதில் குரோமியம் இரண்டு அணு, 103.99. 294.18-ஐ 103.99-ஆல் வகுத்தால் 2.829. ஒரு கிராம் என்று நேராக எடை போட்ட அணியின் எண்கள் எல்லாம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிப் போகும். அது தேர்வாளருக்கு உடனே தெரியும்.

அடுத்தது ஏற்புத்திறன், அதாவது ஒரு கிராம் கரி ஏற்கும் குரோமியம்:

```
qe = (C0 - Ce) × V / m
   = (50 - 4) × 0.1 / 0.2
   = 23 mg/g
```

கனஅளவை லிட்டரில் போட வேண்டும். 100 என்று போட்டு 23000 என்று எழுதிவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

இதை ஒட்டியே ஒரு கேள்வி வரும். "கரியை 0.4 கிராமாகக் கூட்டினால் நீக்க சதவீதம் கூடுகிறது, ஆனால் ஒரு கிராமுக்கு ஏற்பது குறைகிறதே, ஏன்?" உங்கள் அட்டவணையில் 0.4 கிராமுக்கு என்ன வந்தது?

குடியாத்தம்_சிவில்

மிச்சம் 1 மி.கி. சார். 98 சதவீதம். கணக்குப் போட்டால் 12.25 மி.கி./கிராம். 23 பாதிக்கு வந்துவிட்டது. "கரி அதிகமானால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்" என்று எழுதியிருக்கிறோம்.

ஆரணி_விரிவுரையாளர்

ஒட்டிக்கொள்வதெல்லாம் பிறகு. முதல் காரணம் எளிது. கரைசலில் இருப்பதே மொத்தம் 5 மி.கி. குரோமியம். அதில் 4.9-ஐ 0.4 கிராம் பங்கு போட்டால் 12.25-க்கு மேல் எப்படி வரும்? கரி இன்னும் ஏற்கத் தயாராக இருக்கிறது, கொடுக்கக் குரோமியம் இல்லை. அந்த மாதிரியே சொல்லுங்கள். கேட்பவர் தலையாட்டுவார்.

பாலாற்றங்கரை

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். தம்பி, அந்த 4 மி.கி.யை எதில் அளந்தீர்கள்?

குடியாத்தம்_சிவில்

டைபினைல்கார்பசைடு முறை அண்ணா. ஊதா நிறம் வந்ததும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 540 நானோமீட்டரில் பார்த்தோம். ஷேக்கரிலிருந்து எடுத்து வடிகட்டிய உடனே பார்த்தோம். தண்ணீரில் மஞ்சளே இல்லை, பளிச்சென்று இருந்தது.

பாலாற்றங்கரை

நீர்த்தீர்களா? சென்டிமீட்டர் குவெட்டில் 1 மி.கி./லி.க்கு ஏறத்தாழ 0.75 உறிஞ்சளவு வரும். 4 மி.கி.யை நீர்க்காமல் பார்த்தால் 3-ஐத் தொடும். அங்கே கல்லூரி மீட்டர் சொல்வதை நம்ப முடியாது. பத்து மடங்கு நீர்த்தால் 0.3 அருகில் வரும், அது நல்ல இடம். தொடக்கக் கரைசல் 50-ஐ நூறு மடங்கு நீர்க்க வேண்டும். "உறிஞ்சளவு எவ்வளவு படித்தீர்கள்?" என்று கேட்பவர் இதைத்தான் சோதிக்கிறார். லேப் நோட்டில் அந்த எண்ணும் நீர்த்த மடங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குடியாத்தம்_சிவில்

பத்து மடங்கு நீர்த்தோம். 0.31 வந்தது. நோட்டில் இருக்கிறது.

பாலாற்றங்கரை

நல்லது. அப்படியென்றால் 4 என்ற எண் சரி. ஆனால் அது எதைச் சொல்கிறது என்று பாருங்கள். டைபினைல்கார்பசைடு குரோமியத்தில் 6 உடன் மட்டும்தான் ஊதா நிறம் தரும். 3-ஐ அது பார்க்காது. மல்லாட்டை ஓட்டில் லிக்னின் இருக்கிறது. 450 டிகிரியில் கரியானாலும் மேற்பரப்பில் பீனால் போன்ற குழுக்கள் மிஞ்சும். பிஎச் 2-இல் 6 வலுவான ஆக்சிஜனேற்றி. இரண்டும் சந்தித்தால் 6 ஒடுங்கி 3 ஆகும். அந்த 3 கரியில் ஒட்டாமல் தண்ணீரிலேயே மிதக்கலாம். உங்கள் மீட்டர் "போய்விட்டது" என்று சொல்லும், குரோமியம் குவளையிலேயே இருக்கும். மஞ்சள் மறைந்ததும் சாட்சி ஆகாது. 3-இன் பச்சை இந்த அளவில் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே எதிர்பாருங்கள்: "நீங்கள் நீக்கினீர்களா, மாற்றினீர்களா?"

சத்துவாச்சாரி_எம்இ

இது கொஞ்சம் ஓவர் சார். பி.இ. வைவாவில் யாரும் இவ்வளவு ஆழமாகக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் சோதித்துக் காட்ட வழி இருக்கிறது. ஒடுக்கம் நடந்தால் ஹைட்ரஜன் அயனி செலவாகும், கடைசி பிஎச் ஏறும். இவர்கள் கடைசி பிஎச் அளந்திருந்தால் அதையே பதிலாகச் சொல்லலாம். ஏறவில்லை என்றால் ஒடுக்கம் இல்லை.

குடியாத்தம்_சிவில்

அளந்தோம் அண்ணா! 2.0-இல் ஆரம்பித்து 2.1-இல் முடிந்தது. அப்போ ஒடுக்கம் இல்லைதானே?

பாலாற்றங்கரை

சத்துவாச்சாரி சொன்ன வேதியியல் சரி, முடிவுதான் சரியில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 12 மி.கி. குரோமியம் ஒடுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 52-ஆல் வகுத்தால் 0.23 மில்லிமோல். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 7 ஹைட்ரஜன் அயனி:

```
HCrO4- + 7H+ + 3e-  ->  Cr3+ + 4H2O
```

1.6 மில்லிமோல் செலவு. பிஎச் 2-இல் ஏற்கனவே 10 மில்லிமோல் இருக்கிறது. மிச்சம் 8.4. பிஎச் 2.08. உங்கள் மீட்டரின் தவறே அந்த அளவு இருக்கும். இதில் இன்னொன்றும் உண்டு. கழுவாமல் மிஞ்சிய பாஸ்பாரிக் அமிலம் கரியிலிருந்து கசிந்தால் பிஎச் எதிர்ப்பக்கம் இழுபடும். ஆகவே பிஎச் 2-இல் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. பிஎச் 4-இல் செய்திருந்தால் ஏற்றம் கண்ணில் பட்டிருக்கும்.

நேரடி வழி ஒன்றுதான்: வடிகட்டிய நீரில் மொத்தக் குரோமியம் அளப்பது. அணு உறிஞ்சல் மானி இருக்கும் ஆய்வகத்தில் கொடுத்தால் 357.9 நானோமீட்டரில் பார்த்துக் கொடுப்பார்கள். அந்த மாதிரி இன்னும் இருக்கிறதா?

குடியாத்தம்_சிவில்

வடிகட்டியது பாட்டிலில் இருக்கிறது. நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டு வைத்திருக்கிறோம், லேப் அசிஸ்டன்ட் அண்ணன் சொன்னார். நாளைக்கே கொடுக்கிறோம்.

ஆம்பூர்_லெதர்_கெமிஸ்ட்

அந்த அசிஸ்டன்ட்டுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு. அமிலம் விடலைன்னா 3 பாட்டில் சுவத்துல ஒட்டிக்கும், ரிசல்ட் கம்மியா வரும். ஆனா ஒண்ணு, அமிலம் விட்ட பாட்டில்ல மறுபடியும் 6 அளக்காதே. அதுக்கு அமிலம் விடாத மாதிரி வேணும், அதையும் சீக்கிரமே பார்த்திடணும். மொத்தத்துக்கு மட்டும் இதைக் கொடு.

குடியாத்தம்_சிவில்

ரிசல்ட் வந்துவிட்டது. மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 16 மி.கி. டீமில் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் 92 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறோம்.

பாலாற்றங்கரை

ஏன் அமைதி? உங்களிடம் இப்போது பெரும்பாலான அணிகளிடம் இல்லாத ஒரு எண் இருக்கிறது. வரவு செலவு எழுதுங்கள். ஆரம்பம் 50. தண்ணீரில் மிச்சம் 16. அதில் 4 மட்டும் 6, ஆகவே 12 மி.கி. 3 ஆக மாறி மிதக்கிறது. கரியில் ஒட்டியது 34.

```
qe = (50 - 16) × 0.1 / 0.2 = 17 mg/g
```

23 இல்லை, 17. நீக்கம் 92 இல்லை, 68 சதவீதம். 24 சதவீதம் உருமாற்றம். 92 என்பதைக் "குரோமியம்-6 குறைவு" என்று சொன்னால் அதுவும் பொய்யில்லை.

கேள்வி: 92 சதவீதம் நீக்கம் என்கிறீர்களே, குரோமியம் எங்கே போனது?
பதில்: குரோமியம்-6 92 சதவீதம் குறைந்தது. மொத்தக் குரோமியம் 68 சதவீதம்தான் கரியில் தங்கியது. மிச்சத்தில் பெரும்பகுதி அமிலச் சூழலில் கரியால் ஒடுக்கப்பட்டு 3 ஆகக் கரைசலில் இருக்கிறது. ரிப்போர்ட் அச்சான பிறகு மொத்தக் குரோமியம் அளந்தோம், அந்த அறிக்கை இதோ.

கரியில் ஒட்டிய 34-இலும் எவ்வளவு 6, எவ்வளவு 3 என்று கேட்டால், அதற்கு எக்ஸ்-கதிர் ஒளிமின் நிறமாலை வேண்டும், செய்யவில்லை என்று சொல்லுங்கள். இதை வைத்து "ஏன் பிஎச் 2?" என்ற முதல் கேள்விக்கும் பதிலைத் திருத்துங்கள். ஈர்ப்பு பாதிக் காரணம். பிஎச் 2-இல் ஒடுக்கம் வேகமாக நடப்பது இன்னொரு பாதி. 6 மறையும் கிராஃப் அங்கே உச்சம் தொடுவது இரண்டும் சேர்ந்துதான்.

சத்துவாச்சாரி_எம்இ

அந்தக் கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐசோதெர்ம், இயக்கவியல் கிராஃப் எல்லாமே 6-ஐ மட்டும் வைத்துப் போட்டதாயிற்றே. இனி அந்த அத்தியாயம் முழுக்க வீண்தானே?

ஆரணி_விரிவுரையாளர்

வீண் இல்லை, அதிலிருந்து எடுக்கும் முடிவைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். முதலில் நீங்கள் சொன்ன ஆர் ஸ்கொயர் வாதத்தையே நான் ஏற்கவில்லை. போலி இரண்டாம் படியில் செங்குத்து அச்சில் t/qt, கிடை அச்சில் t. t என்பது நேரம், qt என்பது அந்த நேரம்வரை ஒரு கிராம் கரி ஏற்றது. இரண்டு பக்கமும் நேரமே இருக்கிறது. 60 நிமிடத்துக்குப் பிறகு qt மாறுவதே இல்லை. அப்புறம் எந்தக் கரியாக இருந்தாலும் நேர்கோடு வரத்தான் செய்யும். 0.99-ஐ வைத்து வேதிப் பிணைப்பு என்று சொன்னால், "அந்த நேர்கோட்டில் முதல் 20 நிமிடப் புள்ளிகள் எத்தனை?" என்று ஒரு கேள்வி போதும்.

கேள்வி: போலி இரண்டாம் படி பொருந்துவதால் என்ன தெரிகிறது?
பதில்: குரோமியம்-6 குறையும் வேகத்தை அந்தச் சமன்பாடு எண்ணளவில் விவரிக்கிறது. அதை மட்டும் வைத்து வினைவழி இன்னதென்று சொல்ல முடியாது. எங்கள் விஷயத்தில் ஒடுக்கமும் சேர்ந்தே நடக்கிறது.

சத்துவாச்சாரி_எம்இ

அப்படிச் சொன்னால் "பிறகு எதற்கு அந்தக் கிராஃப் போட்டாய்?" என்பார் சார்.

ஆரணி_விரிவுரையாளர்

ஷேக்கரில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று முடிவு செய்ய. இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே ஆதாரம்.

ஆம்பூர்_லெதர்_கெமிஸ்ட்

எல்லாரும் கிராஃப் பத்தியே பேசுறீங்க. நான் எக்ஸ்டர்னலா இருந்தா ஒண்ணுதான் கேப்பேன்: "இந்தத் தண்ணியை வெளியே விடலாமா?" உள்நாட்டு நீர்நிலையில விடுறதுக்குக் குரோமியம்-6 வரம்பு 0.1 மி.கி., மொத்தம் 2 மி.கி. உன்கிட்ட 4-ம் 16-ம் இருக்கு. ஒண்ணு 40 மடங்கு, இன்னொண்ணு 8 மடங்கு. 92 சதவீதம்னு பெருமையா சொல்ற வாயாலயே "விட முடியாது"ன்னும் சொல்லணும். அதோட பிஎச் 2 தண்ணியை எவன் வாங்குவான்?

குடியாத்தம்_சிவில்

இதற்கு எங்களிடம் பதிலே இல்லை பாய்.

ஆம்பூர்_லெதர்_கெமிஸ்ட்

இருக்கு, நீ கவனிக்கலை. மிதக்கிற 12 மி.கி. 3 ஆயிடுச்சுல்ல? சுண்ணாம்பு போட்டு பிஎச்சை 8, 8.5-க்குக் கொண்டுவா. எப்படியும் அமிலத்தைச் சமன்படுத்தித்தான் ஆகணும். அப்ப 3 ஹைட்ராக்சைடா கீழே இறங்கிடும். மிச்சம் 4 மி.கி. 6 மட்டும் இறங்காது, அது கரைஞ்சே நிக்கும். சுண்ணாம்புக்கு முன்னாடியே ரெண்டாவது தடவை புதுக் கரி போட்டு அதை எடுக்கணும். "ரெண்டு கட்டக் கரி, அப்புறம் சுண்ணாம்பு"ன்னு சொல்லு. செஞ்சு பார்த்தியான்னு கேட்டா இல்லைன்னு சொல்லு. ஒரு குவளையாவது செஞ்சு பார்த்துட்டுப் போனா இன்னும் நல்லது, அரை நாள் வேலை.

பாலாற்றங்கரை

பாய் சொன்னது சரி. ஒரு எச்சரிக்கை மட்டும். இரண்டாவது கட்டத்தில் ஒரு கிராம் 17 மி.கி. எடுக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த 17, கரைசலில் குரோமியம் நிறைய இருந்தபோது வந்தது. 4 மி.கி.யில் ஆரம்பித்தால் அதே கரி மிகக் குறைவாகத்தான் ஏற்கும். ஐசோதெர்ம் வளைவில் செறிவு குறைவான இடது ஓரம் எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான்.

குடியாத்தம்_சிவில்

புரிகிறது அண்ணா. இன்னொரு சந்தேகம். மொத்தக் குரோமியம் எண்ணை முதலிலேயே ஸ்லைடில் போட்டுவிடலாமா, இல்லை கேட்டால் மட்டும் காட்டலாமா? ரிப்போர்ட்டில் ஒன்று, ஸ்லைடில் ஒன்று இருந்தால் கைடு திட்டுவார் என்று டீமில் பயப்படுகிறார்கள்.

ஆரணி_விரிவுரையாளர்

கைடிடம் முதலில் காட்டுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் "அச்சுக்குப் பின் கூடுதல் முடிவு" என்று ஒரே ஸ்லைடு. ரிப்போர்ட்டில் திருத்தத் தாள் ஒன்று செருகலாம், அது முறைதான்.

சத்துவாச்சாரி_எம்இ

எனக்கு உடன்பாடில்லை. பத்து நிமிடம் தருவார்கள். அதில் நீயே உன் எண்ணை உடைத்துக் காட்டினால் மிச்ச நேரம் முழுக்க அதிலேயே போகும். அறிக்கையைக் கையில் வைத்திரு, கேட்டால் எடு.

பாலாற்றங்கரை

நான் ஸ்லைடு பக்கம். 68 சதவீதம் என்ற எண்ணை வேறொருவர் வாயிலிருந்து கேட்பதைவிட உங்கள் வாயிலிருந்து வருவது மேல். ஆனால் கைடு யார், எக்ஸ்டர்னல் யார் என்பது உங்களுக்குத்தான் தெரியும், முடிவு உங்களுடையது.

ஆம்பூர்_லெதர்_கெமிஸ்ட்

அது அவங்க பாடு. தம்பி, கடைசியா ஒண்ணு கேக்குறேன். சோதனை முடிஞ்ச டைகுரோமேட் தண்ணி, அந்தக் கரி எல்லாம் எங்கே?

குடியாத்தம்_சிவில்

கரி ஒரு டப்பாவில் இருக்கிறது. மிச்சத் தண்ணீர் இரண்டு லிட்டர் கேனில் இருக்கிறது, இன்னும் ஊற்றவில்லை.

ஆம்பூர்_லெதர்_கெமிஸ்ட்

சிங்க்குல ஊத்திடாதே. சுத்திகரிப்பு ப்ராஜெக்ட் பண்ணவங்ககிட்ட இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். கேன்ல பிஎச் 2-லேர்ந்து 3-க்குள்ள இருக்கான்னு பாரு. ஃப்யூம் ஹூடுக்குள்ள வெச்சு, கையுறை போட்டுக்கிட்டு, சோடியம் பைசல்ஃபைட்டைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கலக்கு. மஞ்சள் போய் லேசான பச்சை வரும், இல்ல நிறமே இல்லாம போகும். ஒரு சொட்டு எடுத்து டைபினைல்கார்பசைடு விட்டுப் பாரு, ஊதா வரக் கூடாது. அப்புறம் சுண்ணாம்பு, பிஎச் 8.5. ராத்திரி முழுக்க விட்டா பச்சைச் சேறு அடியில படியும். மேல் தண்ணியை லேப்காரங்க சொல்ற மாதிரி செய். சேத்தையும் கரியையும் சேர்த்து "குரோமியம் கழிவு"ன்னு லேபிள் ஒட்டி, தேதி போட்டு, அபாயக் கழிவு அலமாரியில வைக்கச் சொல்லு.

பாலாற்றங்கரை

கரியை எரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்றில் எரித்தால் அதில் உள்ள 3 மறுபடியும் 6 ஆகும். "காரத்தில் கழுவி மறுபயன்பாடு செய்யலாமா?" என்று கேட்டால், சோடியம் ஹைட்ராக்சைடு 6-ஐ மட்டும் விடுவிக்கும், 3 ஆக மாறி ஒட்டியது காரத்தில் வராது, அதற்கு அமிலம் வேண்டும் என்று சொல்லுங்கள்.

குடியாத்தம்_சிவில்

பைசல்ஃபைட் எங்க லேபில் இல்லை. ஃபெரஸ் சல்பேட் இருக்கிறது. அது ஆகுமா?

பாலாற்றங்கரை

ஆகும். ஒரு குரோமியத்துக்கு மூன்று இரும்பு வேண்டும். எடையில் சொன்னால் 1 கிராம் குரோமியம்-6-க்குப் படிக ஃபெரஸ் சல்பேட் 16 கிராம், கொஞ்சம் கூடவே போடுங்கள். சுண்ணாம்பு போட்டதும் இரும்பும் சேர்ந்து இறங்கும், சேறு பழுப்பாகவும் அதிகமாகவும் வரும். டைபினைல்கார்பசைடு சோதனையில் இரும்பு இலேசான மஞ்சள் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஊதா வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.